ஓபிஜி படத்தில் பல் வைத்தியர் எதைப் பார்க்கிறார்? ஞானப்பல், நீர்க்கட்டி, எலும்புத் தேய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓபிஜி என்பது இரண்டு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒரே தாளில் காட்டும் எக்ஸ்ரே படம். கீழே வரும் பதில்கள் எல்லாம் ஒரே ஒரு உதாரணப் படத்தைச் சுற்றியே போகின்றன. படத்துக்குரியவர் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் வயல் செய்யும் 36 வயது ஆண் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் இறைச்சி நார் சிக்குகிறது, காலையில் அந்த இடம் மணக்கிறது. இதுதான் அவருடைய முறைப்பாடு. வலது பக்கத்தில் எந்தக் கரைச்சலும் இல்லை.

கிளினிக்கில சின்னப் படம் ஒண்டு எடுத்தவை. பிறகேன் ஓபிஜி எடுக்க வவுனியாவுக்குப் போகச் சொல்லினம்?

வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படத்தில் மூன்று நான்கு பற்கள்தான் விழும். ஞானப்பல் இருப்பது கொடுப்பின் அந்தத்தில். படத்தட்டை அவ்வளவு தூரம் தள்ளினால் ஓங்காளம் வரும், தட்டு அசையும், கடைசியில் அரைப் பல்தான் பதியும். வைத்தியருக்குத் தேவை முழுப் பல்லும், அதன் வேருக்குக் கீழே ஓடும் நரம்புக் குழாயும், தாடையின் கீழ் விளிம்பும். இந்த மூன்றையும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே தாளில் தருவது ஓபிஜிதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. மெசின் உங்கள் தலையைச் சுற்றி 12 முதல் 20 செக்கன் வரை ஓடி, குதிரை லாட வடிவில் ஒரு பட்டியை மட்டும் தெளிவாகப் பிடிக்கிறது. அந்தப் பட்டிக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பவை மங்கிப்போகும். முன்பற்களின் மேல் முதுகெலும்பின் நிழல் விழும். சின்னச் சூத்தையைக் கண்டுபிடிக்க இது நல்ல படமல்ல. அதற்குச் சின்னப் படமே மேல். கதிர்வீச்சைப் பற்றி யோசிப்பவர்களுக்கு: மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாட்களில் நம் உடம்பில் இயல்பாகப் படும் அளவுதான் ஒரு ஓபிஜியிலும் படுகிறது. கர்ப்பமாக இருந்தால் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் வேலையை விட்டிட்டுப் போறன். படம் பிழைக்காம இருக்க நான் என்ன செய்யவேணும்?

தோடு, மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி, கொண்டை ஊசி, மூக்குக்கண்ணாடி, கழற்றக்கூடிய பொய்ப்பல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கதிர் பின்கழுத்துப் பக்கத்திலிருந்தும் வருகிறது. அதனால் நெஞ்சில் தொங்கும் பென்டனைவிடப் பிடரியில் கிடக்கும் சங்கிலிதான் படத்தைக் கெடுக்கும்.

பிறகு கடிக்கும் கட்டை. அதில் ஒரு வெட்டு இருக்கும். மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் நுனியோடு நுனியாக அந்த வெட்டுக்குள் இருக்க வேண்டும். பல் வெட்டுக்கு முன்னால் போனால் முன்பற்கள் ஈர்க்குப்போல ஒடுங்கும். பின்னால் போனால் அகலமாக ஊதிப்போகும். கட்டையைக் கடித்தபின் ஒருதடவை எச்சிலை விழுங்கி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி அப்படியே வைத்திருங்கள். எடுப்பவர் சொல்ல மறந்தாலும் நீங்கள் இதை மறக்க வேண்டாம். நாக்கு கீழே கிடந்தால் அண்ணத்துக்கும் நாக்குக்கும் இடையில் உள்ள காற்று, மேற்பற்களின் வேர்களுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டையாக விழும். அந்தப் பட்டைக்குள் வேர்நுனியும் தெரியாது, கட்டியும் தெரியாது.

வெளியே வரமுன் திரையை ஒருதடவை காட்டச் சொல்லுங்கள். பல்வரிசை மெல்லச் சிரிப்பதுபோல வளைந்திருந்தால் சரி. ஆங்கில V மாதிரிக் குத்தாக வளைந்திருந்தால் நாடி கீழே போய்விட்டது. தட்டையாகவோ அழுகிற வாய்போலவோ இருந்தால் நாடி மேலே நின்றிருக்கிறது. அங்கேயே திருத்தி எடுத்தால் ஏ9 வீதியில் இன்னொரு பஸ் பயணம் மிச்சம்.

படத்தில இடது பக்கம் தெரியிற கட்டி எனக்கு இடது பக்கமோ?

இல்லை, உங்கள் வலது பக்கம். நீங்கள் வைத்தியருக்கு முன்னால் முகத்தைக் காட்டி இருப்பதுபோலத்தான் படமும் மாட்டப்படும். ஓரத்தில் R அல்லது L என்ற எழுத்து நிற்கும். முதலில் அதைத் தேடுங்கள். அறிக்கையில் 38 என்று இருந்தால் கீழ் இடது ஞானப்பல், 48 என்றால் கீழ் வலது ஞானப்பல். 37 என்பது 38க்கு முன்னால் நிற்கும் கொடுப்புப்பல். இனி இந்த எண்களையே பாவிக்கிறோம்.

ஞானப்பல் சரிஞ்சு படுத்திருக்கு எண்டினம். எனக்கு நோவே இல்லை. பிடுங்கத்தான் வேணுமோ?

நோவு இல்லை என்பதும் கேடு இல்லை என்பதும் வேறு வேறு. எலும்புக்குள் முழுதாகப் புதைந்து, பக்கத்துப் பல்லைத் தொடாமல், சுற்றிக் கட்டியும் இல்லாமல் கிடக்கும் ஞானப்பல்லை விட்டுவைக்கலாம். இடைக்கிடை படம் எடுத்துப் பார்த்தால் போதும். "இருக்கிறது, ஆகவே பிடுங்கு" என்பது நல்ல வைத்தியமல்ல.

நமது படத்தில் உள்ள 38 அந்த வகையில்லை. அது முன்பக்கம் சரிந்து, தலையால் 37இன் பின்கழுத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பல்லின் ஒரு மூலை மட்டும் முரசைக் கிழித்து வெளியே வந்திருக்கிறது. ஆபத்தான நிலை இதுதான். முழுதாக மூடியிருந்தால் கிருமி உள்ளே போகாது. முழுதாக வெளியே வந்திருந்தால் பிரஷ் போகும். பாதி திறந்த பல்லுக்குள் சோறும் இறைச்சி நாரும் போகும், பிரஷ் போகாது.

இந்த இடத்தில் வைத்தியர் 38ஐவிட 37ஐத்தான் கூர்ந்து பார்ப்பார். உணவு தேங்கும் அந்த மூலையில் 37இன் பின்சுவரில் சூத்தை தொடங்கும். அது வாய்க்குள் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இலகுவில் தெரியாது. படத்தில் பல்லின் கழுத்தோரம் எலி கொறித்ததுபோல ஒரு மங்கிய பள்ளமாகத் தெரியும். ஓபிஜியில் இரண்டு பற்களின் நிழல் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் சந்தேகம் வந்தால் அந்த மூலைக்கு மட்டும் ஒரு சின்னப் படம் எடுப்பார்கள். ஞானப்பல் போனால் வாழ்க்கைக்கு ஒன்றும் குறையாது. 37 போனால் அந்தப் பக்கத்தில் சப்புவது குறையும்.

பல்லு ஆடேல்லை, முரசும் வீங்கேல்லை. எலும்பு கரைஞ்சிருக்கு எண்டு படத்தை வைச்சு எப்பிடிச் சொல்லினம்?

ஒவ்வொரு பல்லுக்கும் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கழுத்து ஒன்று உண்டு. ஆரோக்கியமான வாயில் எலும்பின் மேல்விளிம்பு அந்தக் கழுத்துக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் கீழே நிற்கும். அதைவிட இறங்கியிருந்தால் அது எலும்பு இழப்பு.

மில்லிமீற்றரை அப்படியே நம்பக்கூடாது, ஓபிஜி எல்லாவற்றையும் பெருப்பித்துக் காட்டும். அதனால் வேரின் நீளத்தில் எத்தனை வீதம் போயிருக்கிறது என்று கணிப்பார்கள். வேரும் எலும்பும் ஏறத்தாழ ஒரே அளவில் பெருப்பதால் வீதம் பெரிதாக மாறாது.

நமது படத்தில் 37இன் பின்பக்கத்தை அளப்போம். கழுத்திலிருந்து வேர்நுனி வரை 16 மில்லிமீற்றர். கழுத்திலிருந்து எலும்பு விளிம்பு வரை 7. இயல்பான 2ஐ இரண்டிலும் கழித்தால் 14இல் 5, அதாவது சுமார் 36 வீதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்பு போனால் அது முற்றிய நிலை. அதே பல்லின் முன்பக்கத்தில் எலும்பு 3 மில்லிமீற்றரில் நிற்கிறது. அங்கே இழப்பு 14இல் 1தான், 7 வீதம்.

ஒரே பல்லில் ஒரு பக்கம் 36, மறுபக்கம் 7. குற்றவாளி யாரென்று இதிலேயே தெரிகிறது. வாய் முழுவதற்கும் முரசு நோய் இருந்தால் எலும்பு எல்லாப் பற்களிலும், வற்றிய குளத்தின் நீர்மட்டம்போல, சமமாக இறங்கியிருக்கும். இங்கே ஒரு பல்லுக்குப் பின்னால் மட்டும் செங்குத்தாகக் கிணறு வெட்டியதுபோல இறங்கியிருக்கிறது. அந்தக் கிணற்றின் மறுகரையில் நிற்பது 38. சிகிச்சை முழு வாய்க்குமல்ல, அந்த மூலைக்குத்தான். மாறாக, சீனி வருத்தமோ புகைப்பழக்கமோ உள்ள ஒருவருக்கு 36 வயதில் எல்லாப் பற்களிலும் இப்படி இறங்கியிருந்தால், ஞானப்பல்லை எடுப்பதால் மட்டும் எதுவும் நிற்காது.

படத்துக்கும் எல்லை உண்டு. எலும்பிலிருந்து கணிசமான அளவு சுண்ணாம்புச் சத்து போன பிறகுதான் இழப்பு கறுப்பாகத் தெரியும். பல்லின் கன்னப் பக்கத்திலும் நாக்குப் பக்கத்திலும் உள்ள எலும்பைப் பல்லே மறைத்துவிடும். ஆகவே அளவுக்கம்பியை முரசுக்குள் விட்டுப் பார்க்காமல் ஓபிஜியை மட்டும் வைத்து எலும்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

கீழ் ஞானப்பல் எடுத்தா உதடு விறைச்சுப்போகும் எண்டு பயப்படுத்தினம். அது படத்தில தெரியுமோ?

விறைப்பு வருமென்று படம் சொல்லாது. நரம்பு பக்கத்தில் இருக்கிறதா என்று சொல்லும். கீழ்த்தாடைக்குள் நரம்பு ஓடும் குழாய், இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் ஒரு கறுத்த பாதையாகத் தெரியும். வேரின் நிழல் குழாயின்மேல் விழுவது மட்டும் பெரிய சேதியல்ல. ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் இருக்கலாம்.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் முக்கியமாக மூன்று. குழாய் கடக்கும் இடத்தில் வேர் திடீரென்று கறுத்திருப்பது ஒன்று. வேரில் குழாய் தவாளித்திருப்பதால் அது வரலாம். குழாயின் வெள்ளைக்கோடு வேரடியில் அறுந்துபோவது இரண்டாவது. நேராக வந்த குழாய் வேருக்கு அருகில் வளைந்து விலகுவது மூன்றாவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியர் சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கான் கேட்கலாம். அது அந்த இடத்தை மூன்று பக்கத்தாலும் வெட்டிக் காட்டும். வேரும் நரம்பும் உண்மையிலேயே ஒட்டியிருந்தால், பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து வேரை உள்ளேயே விடும் முறையும் இருக்கிறது. வேரில் கிருமித்தொற்று இருந்தாலோ பல் ஆடினாலோ அந்த முறை சரிவராது.

நமது 38இல் இரண்டு வெள்ளைக்கோடுகளும் அறாமல் ஓடுகின்றன, வேரும் கறுக்கவில்லை. அதற்குச் சிபிசிடி தேவையில்லை.

மற்றப் பக்கத்துப் பல்லைச் சுத்திக் கறுப்பா ஒரு வட்டமிருக்காம். புற்றுநோயோ?

பெரும்பாலும் இல்லை, ஆனால் விட்டுவைக்கும் விஷயமுமில்லை. வெளிவராத எந்தப் பல்லின் தலையைச் சுற்றியும் ஒரு பை இருக்கும். படத்தில் அது மெல்லிய கறுப்பு வளையமாக விழும். வளையத்தின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் என்றால் இயல்பு. ஐந்தைத் தாண்டினால் பைக்குள் நீர் சேர்ந்து நீர்க்கட்டியாகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

நமது படத்தில் 48 ஆழத்தில் கிடக்கிறது. தலைக்கு மேல் கறுப்பு 9 மில்லிமீற்றர். பெருப்பைக் கழிக்க ஒரு குத்துமதிப்பு வழி உண்டு. கீழ் முதலாம் கொடுப்புப்பல்லின் அகலம் வாயில் ஏறத்தாழ 11 மில்லிமீற்றர். இந்தப் படத்தில் 14. ஆக 1.27 மடங்கு பெருத்திருக்கிறது. 9ஐ அதால் பிரித்தால் 7 மில்லிமீற்றர். பெருப்பைக் கழித்தும் ஐந்தைத் தாண்டுகிறது.

அடுத்து கட்டி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். இங்கே கறுப்பு வட்டத்தின் இரண்டு நுனியும் பல்லின் கழுத்தில் வந்து முடிகின்றன, சுற்றிவர மெல்லிய வெள்ளைக்கரை இருக்கிறது, நரம்புக் குழாயைக் கீழே தள்ளியிருக்கிறது, தாடையின் கீழ் விளிம்பு முழுதாக நிற்கிறது. பல்லின் தலையிலிருந்து வளரும் சாதாரண நீர்க்கட்டியின் முகம் இது. மெல்ல வளர்ந்திருக்கிறது என்பதை அந்த வெள்ளைக்கரை காட்டுகிறது.

இதே முகத்தோடு வேறு இரண்டும் வரலாம். கெரட்டோசிஸ்ட் என்பது தாடையை வெளியே ஊதச் செய்யாமல் எலும்பின் நீளவாக்கில் உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து போகும். எடுத்தபின் திரும்பவும் வரக்கூடியது. அமெலோபிளாஸ்டோமா தேன்கூடுபோலப் பல அறைகளாகத் தெரியலாம், தாடையை ஊதச் செய்யும், பக்கத்துப் பல்லின் வேரைக் கத்தியால் சீவியதுபோலக் கரைக்கும். ஆரம்பத்தில் மூன்றும் ஒரே ஒரு கறுப்பு வட்டம்தான். அதனால் பெரிய ஊசியால் உள்ளிருப்பதை இழுத்துப் பார்ப்பார்கள். வைக்கோல் நிறத் தெளிநீர் வந்தால் சாதாரண நீர்க்கட்டியாக இருக்கலாம். வெள்ளையாகத் திரண்டு தயிர்க்கட்டிபோல வந்தால் கெரட்டோசிஸ்ட் சந்தேகம். இரத்தமே பீறிட்டு வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முடிவான பதில், எடுத்த பையை போமலினில் போட்டு அனுப்பும் திசுப் பரிசோதனையில்தான் வரும். பையை எறிந்துவிட்டு "எல்லாம் எடுத்தாச்சு" என்று சொன்னால், அறிக்கை எங்கே என்று கேளுங்கள்.

ஓரம் கலைந்து கரையே இல்லாமல் எலும்பு கறையான் அரித்ததுபோல இருந்தாலோ, பல் பிடுங்காமலே உதடு விறைத்திருந்தாலோ அது வேறு கதை. அவர்கள் காத்திருக்கக்கூடாது.

கீழ்த்தாடை முன்பக்கத்திலயும் ரெண்டு கறுப்புப் புள்ளி தெரியுது. அதுவும் கட்டியோ?

இரண்டு பக்கத்திலும், சிறு கொடுப்புப்பற்களின் வேரடியில், ஒரே உயரத்தில் இருந்தால் அது நரம்பு வெளியே வரும் துவாரம், எல்லோருக்கும் உண்டு. வேரைச் சுற்றியுள்ள மெல்லிய வெள்ளைக்கோடு அறாமல் இருக்கிறதா, பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும். செத்த பல்லின் வேர்நுனியில் வரும் கட்டியில் அந்தக் கோடு அறுந்திருக்கும், மேலே பெரும்பாலும் சூத்தையும் இருக்கும். இந்தத் துவாரத்தைக் கட்டி என்று நினைத்து நல்ல பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்யக்கூடாது.

சண்டை நேரத்தில பட்ட ஷெல் சன்னம் தாடைக்குக் கிட்ட இருக்கு. ஓபிஜி எடுக்கலாமோ?

எடுக்கலாம். எக்ஸ்ரே உலோகத்தை இழுக்காது, சூடாக்காது. எம்ஆர்ஐ ஸ்கான் என்றால்தான் சன்னம் இருப்பதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நமது படத்திலும் ஒரு சன்னம் இருக்கிறது. இடது தாடைக் கோணத்துக்குக் கீழே பளிச்சென்று, ஓரம் கூராக, அரிசி மணியளவில் வெள்ளையாகத் தெரிகிறது. வலது பக்கத்தில், அதைவிடச் சற்று உயரத்தில், மங்கலாகவும் பெரிதாகவும் இன்னொரு வெள்ளைப் புகை. அது இரண்டாவது சன்னமல்ல. மெசின் சுற்றிவரும்போது அதே துண்டு மறுபக்கத்திலும் ஒரு பொய் நிழலை விழுத்துகிறது. கழற்ற மறந்த தோடும் இதையேதான் செய்யும். வன்னியில் படம் வாசிப்பவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய் நிழலைக் கல் என்றோ எலும்புக் கட்டி என்றோ எழுதிவிடுவார், அல்லது அந்தப் புகை 48இன் கட்டிக்கரையை மறைத்ததைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். உடம்பில் எங்கே சன்னம் இருக்கிறது என்று எடுப்பவருக்கும் வாசிப்பவருக்கும் சொல்லுங்கள்.

படத்தை போனில பிடிச்சு அனுப்பினாப் போதுமோ?

பல் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்க்கப் போதும். நரம்புக் குழாயின் கோடு அறுந்ததா என்று பார்க்கப் போதாது; மெல்லிய சாம்பல் வித்தியாசங்கள் எல்லாம் போன் படத்தில் அழிந்துவிடும். படச்சுருளையோ சீடியையோ கையில் கொண்டு போங்கள். பழைய படம் இருந்தால் அதையும் எறிய வேண்டாம். கட்டி வளர்ந்ததா என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அப்ப இந்தப் படக்காரருக்கு என்ன செய்யினம்? எதை முதல்ல?

முறைப்பாடு இடது பக்கம் என்றாலும் இரண்டு பக்கத்துக்கும் திட்டம் வேண்டும். இடதில் 38ஐ அறுத்து எடுப்பார்கள். விறைப்பு ஊசி போட்டு, முரசைத் திறந்து, 37இல் முட்டும் தலையைத் தனியாக வெட்டி எடுத்தபின் வேரை எடுப்பது வழமை. அதே இருப்பில் 37இன் பின்வேரைச் சுரண்டித் துப்புரவாக்க வேண்டும். இருபதுகளின் தொடக்கத்தில் எடுத்திருந்தால் அந்தக் கிணறு பெரும்பாலும் தானாக எலும்பால் நிரம்பியிருக்கும். 36 வயதில் ஒரு பள்ளம் மிஞ்சலாம். ஆறு மாதத்தில் மறுபடி அளந்து பார்ப்பார்கள்.

வலதுக்கு வாய், முக சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் துண்டு எழுதப்படும். குழாயைக் கட்டி தள்ளியிருப்பதால் சிபிசிடி அங்கேதான் தேவை. இந்த அளவுக் கட்டியைப் பல்லோடு சேர்த்து ஒரே தடவையில் எடுக்கலாம். தாடையின் கீழ் விளிம்பு வரை போன பெரிய கட்டி என்றால் முதலில் ஒரு வாசல் வெட்டி நீரை வடியவிட்டு, மாதக்கணக்கில் சுருங்கவிட்டுப் பிறகு எடுப்பார்கள். ஒரேயடியாகத் தோண்டினால் தாடை முறியலாம்.

முரசு வீங்கி நோவு வந்தால், திகதி வரும்வரை இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் அந்த மூலையைக் கொப்பளிக்கலாம். கடையில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு தள்ளிப்போட வேண்டாம். பல்லுக்குக் கீழே சிக்கிய சோற்றைக் குளிசை எடுக்காது. தாடைக்குக் கீழே வீக்கம் இறங்கினால், விழுங்க ஏலாவிட்டால், இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாக்கும் வெற்றிலையும் போடுபவர்களுக்கு வாய் திறப்பு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து, கன்னத்தின் உட்புறம் வெளிறி நாராக இறுகியிருந்தால், அதற்கு ஞானப்பல் காரணமில்லை. அது ஓபிஜியில் விழவே விழாது. வாயைத் திறந்து கன்னத்தைத் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.